மார்ச் 31-க்கு முன் ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம்

கணக்காண்டு முடிந்து நாலைந்து மாதம் கழித்து, பை நிறைய பில்களோடு ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போவது சிறுதொழில் செய்பவர்களிடம் பரவலாக இருக்கும் பழக்கம். காகிதங்களைப் பொறுத்தவரை இதில் பெரிய மோசமில்லை. தொலைந்த பில்லுக்கு நகல் வாங்கிவிடலாம், வங்கி ஸ்டேட்மென்ட்டை எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் மார்ச் 31 தாண்டிய பிறகு எந்த ஆடிட்டராலும் செய்துகொடுக்க முடியாத காரியங்கள் சில உண்டு. அன்றைக்குள் கொடுத்திருக்க வேண்டிய பணத்தை ஆகஸ்டில் கொடுத்துப் பழைய தேதி போட முடியாது. அன்று சாயப்பட்டறையில் கிடந்த துணியை ஆகஸ்டில் எடை போட முடியாது.

அதனால்தான் ஆடிட்டரைப் பார்க்க வேண்டிய நேரம் மார்ச் மாதத்தின் முதல் பாதி. மார்ச் 10 வாக்கில் உட்கார்ந்தால் இன்னொரு வசதியும் உண்டு. முன்கூட்டிய வருமான வரியின் கடைசித் தவணைக்குக் கெடு மார்ச் 15. அதைச் சரியாகக் கணக்கிட, ஆண்டு லாபம் ஏறக்குறைய எவ்வளவு வரும் என்று எப்படியும் பார்த்தாக வேண்டும்.

திருப்பூரில் உள்நாட்டுச் சந்தைக்கு டி-ஷர்ட் தைக்கும் ஒரு சிறு பனியன் கம்பெனியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கம்பெனியும் எண்களும் விளக்கத்துக்காக வைத்தவை. தொழில் நடக்கும் விதம் அந்த ஊரில் எல்லோரும் அறிந்தது. நூல் சிலசமயம் மில்லிலிருந்து நேராக வரும், சிலசமயம் நூல் வியாபாரியிடமிருந்து வரும். நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பாக்டிங் இன்னோரிடம் என்று துணி ஊரைச் சுற்றிவிட்டுத்தான் கட்டிங் மேசைக்கு வந்து சேரும். தையலில் ஒரு பகுதி வெளியே ஜாப் ஒர்க்காகப் போகும். ஆண்டு விற்பனை 6 கோடி ரூபாய், எதிர்பார்க்கும் லாபம் 35 லட்சம். உரிமையாளர் ஒருவர்தான். டேலியில் கணக்கு எழுத அலுவலகத்தில் ஓர் அக்கவுண்டன்ட் இருக்கிறார். ஆடிட்டர் வெளியாள்.

மார்ச் 10 அன்று உரிமையாளர் எடுத்துப்போக வேண்டிய முதல் காகிதம், யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற பட்டியல். பெயரும் தொகையும் மட்டும் இருந்தால் போதாது. ஒவ்வொரு பில்லுக்கும் பில் தேதி, சரக்கோ வேலையோ வந்து சேர்ந்து ஏற்றுக்கொண்ட தேதி, பணம் கொடுக்கும் தவணை குறித்து எழுத்தில் ஒப்பந்தம் உண்டா என்பது, எதிராளியின் உத்யம் சான்றிதழ் நகல் ஆகியவையும் வேண்டும். இவ்வளவு விவரம் கேட்பதற்குக் காரணம் வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு. 2023-24 கணக்காண்டிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது.

அந்தப் பிரிவு சொல்வது இது. குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவான ஒருவரிடம் சரக்கோ சேவையோ வாங்கினால், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் இருந்தால் அதில் உள்ள தவணைக்குள் கொடுக்கலாம். ஆனால் அது 45 நாளைத் தாண்டக்கூடாது. கெடு தவறினால் அந்தச் செலவு, பணம் உண்மையில் கொடுக்கப்பட்ட ஆண்டில்தான் செலவாக ஏற்கப்படும். கெடு கடந்துபோன பில்லாக இருந்தாலும் மார்ச் 31-க்குள் கொடுத்துவிட்டால் அது அந்த ஆண்டுச் செலவாகவே நிற்கும். இங்கேதான் தேதி முக்கியமாகிறது. வேறு சில வரிகளையும் வங்கி வட்டியையும் கணக்கு தாக்கல் செய்யும் நாள்வரை கட்டிச் செலவாகக் காட்டிக்கொள்ளலாம். சிறு நிறுவனங்களின் பாக்கிக்கு அந்தச் சலுகை கிடையாது.

நம் கம்பெனியின் பட்டியலில் நாலு பெயர். சாயப்பட்டறைக்கு ஜனவரி, பிப்ரவரி மாத பில்கள் 9 லட்சம். வெளியே தைத்துக் கொடுப்பவருக்கு 4 லட்சம். நூல் வியாபாரிக்கு 15 லட்சம். நூல் மில்லுக்கு 10 லட்சம். வங்கியில் இருப்பதும் மாதக் கடைசிக்குள் வசூலாகக்கூடியதும் சேர்த்து 15 லட்சம்தான்.

"நூல்காரருக்குத்தானுங்க முதல்ல கொடுக்கணும், அவர் நிறுத்திட்டா மெஷினே நின்னுரும்" என்பார் உரிமையாளர். தொழிலில் அது நியாயமான பயம்தான். ஆனால் ஆடிட்டர் பட்டியலைப் பார்த்ததும் வரிசை மாறுகிறது. நூல் வியாபாரியிடம் உத்யம் சான்றிதழ் இருக்கிறது, அதில் தொழில் வகை வணிகம் என்று போட்டிருக்கிறது. வாங்கி விற்பவர்கள் உத்யத்தில் பதியலாம் என்றாலும், வங்கிக் கடனில் முன்னுரிமை பெறுவதோடு அந்தப் பதிவின் பயன் நின்றுவிடும். பணம் கொடுக்கும் கெடு அவர்களுக்குப் பொருந்தாது. அந்த 15 லட்சத்தை ஏப்ரலில் கொடுத்தாலும் வரிக் கணக்கில் மாற்றம் வராது. சாயப்பட்டறை சிறு நிறுவனம், தையல்காரர் குறு நிறுவனம், இருவரோடும் எழுத்து ஒப்பந்தம் இல்லை. ஆக 13 லட்சமும் 15 நாள் கெடுவைத் தாண்டிவிட்டது.

அந்த 13 லட்சம் ஏப்ரலுக்குத் தள்ளிப்போனால் என்ன ஆகும்? வரி போடும் வருமானம் 35 லட்சத்திலிருந்து 48 லட்சமாக ஏறும். உரிமையாளர் 30 சதவீத அடுக்கில் இருப்பவர். 13 லட்சத்துக்கு வரி 3,90,000 ரூபாய், அதன்மேல் 4 சதவீத செஸ் 15,600. மொத்தம் 4,05,600 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். பணம் கொடுத்த அடுத்த ஆண்டில் அந்தச் செலவைக் கழித்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனாலும் கையில் காசு இறுகிக் கிடக்கும் நேரத்தில் ஓராண்டுக்கு முன்பே நாலு லட்சம் வெளியே போய்விடுகிறது. வியாபாரியிடம் பேசி இரண்டு வாரம் பொறுக்கச் சொல்லிவிட்டு, இந்த 13 லட்சத்தையும் மார்ச் 31-க்குள் வங்கி வழியாக அனுப்பினால் தீர்ந்தது. மார்ச் 10-ஆம் தேதி பேச்சில் இதைச் செய்ய வழியிருக்கிறது. ஆகஸ்ட் பேச்சில் வரித்தொகையைச் சொல்லத்தான் முடியும்.

மில்லின் பாக்கியில் இன்னொரு நுணுக்கம். அந்த மில்லின் ஆண்டு விற்பனை 80 கோடி என்று வைத்துக்கொள்வோம். போன ஆண்டுவரை அது நடுத்தர நிறுவனம். 43பி(எச்) அதைத் தொடாது. ஆனால் 2025 ஏப்ரல் 1 முதல் வரம்புகள் உயர்ந்துவிட்டன. சிறு நிறுவனத்துக்கான விற்பனை உச்சவரம்பு 50 கோடியிலிருந்து 100 கோடியாகவும், முதலீட்டு உச்சவரம்பு 10 கோடியிலிருந்து 25 கோடியாகவும் ஏறியிருக்கிறது. இரண்டு வரம்புக்குள்ளும் அடங்கினால் அதே மில் இப்போது சிறு நிறுவனம். போன ஆண்டு ஃபைலில் கிடக்கும் சான்றிதழை நம்பி இந்த ஆண்டுப் பட்டியல் போட்டால் இங்கே தவறு நேரும். நல்லவேளையாக மில்லோடு 45 நாள் தவணை எழுத்தில் இருக்கிறது. சரக்கு வந்து சேரும் நாள் மார்ச் 12. ஏப்ரல் 26-க்குள் பணம் போய்ச் சேர்ந்தால் செலவு இந்த ஆண்டிலேயே நிற்கும். உரிமையாளர் அந்தத் தேதியை அன்றே நாட்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டும். மார்ச் 20 அன்று சாயப்பட்டறையிலிருந்து புதிதாக ஒரு பில் வந்து, வேலையும் அன்றே முடிந்து வந்தால் அதற்குக் கெடு ஏப்ரல் 4.

இரண்டாவது விஷயம் சரக்கு இருப்பு. மளிகைக் கடையில் ஸ்டாக் எடுப்பதென்றால் கடைக்குள் இருப்பதை எண்ணினால் போதும். பனியன் கம்பெனியின் சரக்கில் பாதி எப்போதும் வெளியில் இருக்கும். மார்ச் 31 மாலையில் நூல் நிட்டிங்கில் இருக்கலாம், துணி சாயப்பட்டறையில் இருக்கலாம், வெட்டிய பீஸ்கள் தையல்காரர் வீட்டு மாடியில் இருக்கலாம். இவை எல்லாம் கம்பெனியின் சொத்து. இறுதி இருப்பில் சேர வேண்டியவை. வெளியே போன ஒவ்வொரு டெலிவரி சலானையும் திரும்பி வந்த எடையோடு பொருத்தி, மீதி எவ்வளவு என்று ஜாப் ஒர்க்காரர் வாரியாக ஒரு பட்டியல் போட்டு, அவரவரிடம் தேதியோடு கையெழுத்து வாங்கி வைப்பதுதான் இதற்கு நம்பகமான வழி.

உதாரணமாக, சாயத்துக்குப் போன துணி 3,000 கிலோ, திரும்பி வந்தது 2,200 கிலோ. மீதி 800 கிலோ. கிலோ 350 ரூபாய் என்றால் 2,80,000 ரூபாய் சரக்கு. இது இருப்பில் விட்டுப்போனால் லாபம் அந்த அளவுக்குக் குறைவாகத் தெரியும். அதே நேரம் சிசி கடனுக்காக மாதாமாதம் வங்கிக்குக் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் இந்தத் துணி ஏறியிருக்கும். ஒரே நாளுக்கு வங்கியிடம் ஓர் எண், வரித்துறையிடம் வேறோர் எண். இந்த இரண்டும் பொருந்தாததுதான் ஆடிட்டர்கள் முதலில் தேடும் அடையாளம். அதனால் மார்ச் மாத ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை வங்கிக்கு அனுப்பும் முன்பே ஆடிட்டருக்கு ஒரு நகல் போக வேண்டும். சாயம் போடும்போது எடை எவ்வளவு குறையும் என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்ட விகிதத்தையும் அதில் குறித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கழிவாகப் போனதும் கணக்கில் 'வர வேண்டிய துணி'யாக ஆண்டுக்கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது, ரொக்கம். தணிக்கை வேண்டுமா என்ற கேள்விக்கே இதில்தான் விடை இருக்கிறது. விற்பனை 1 கோடியைத் தாண்டினால் வருமான வரித் தணிக்கை வேண்டும் என்பது பொது விதி. ரொக்க வரவு மொத்த வரவில் 5 சதவீதத்துக்குள்ளும், ரொக்கச் செலவு மொத்தச் செலவில் 5 சதவீதத்துக்குள்ளும் இருந்தால் அந்த வரம்பு 10 கோடியாக உயரும். 6 கோடி விற்பனை உள்ள நம் கம்பெனி இந்தச் சலுகையில் தப்பிவிடும் போலத்தான் தோன்றும். ஆனால் சனிக்கிழமைச் சம்பளம் ரொக்கமாகப் போகிறது. வாரம் 60,000 என்றால் 52 வாரத்துக்கு 31,20,000 ரூபாய். ஆண்டில் வெளியே போன மொத்தப் பணம் 5 கோடியே 60 லட்சம் என்றால் அதில் 5 சதவீதம் 28 லட்சம்தான். வரம்பு தாண்டிவிட்டது, தணிக்கை கட்டாயம். இதை மார்ச்சிலேயே தெரிந்துகொண்டால் ஆடிட்டர் தன் வேலைப் பட்டியலில் இடம் ஒதுக்குவார். ஓர் ஆடிட்டர் ஓராண்டில் எடுத்துக்கொள்ளும் வரித் தணிக்கைகளுக்கு 60 என்று அவர்களுடைய அமைப்பான ஐசிஏஐ உச்சவரம்பு வைத்திருக்கிறது. செப்டம்பரில் போய்க் கேட்டால் இடம் இல்லை என்று அவர் சொல்வது சாக்காக இருக்க வேண்டியதில்லை.

ஜிஎஸ்டி பக்கம் ஒரே ஒரு ஒப்பீடு போதும். கொள்முதல் கணக்கில் உள்ள பில்களையும், ஜிஎஸ்டி தளத்தில் மாதம் 14-ஆம் தேதி தயாராகும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நம் கணக்கில் இருந்து 2பி-யில் இல்லாத பில் என்றால், விற்றவர் தன் கணக்கில் அதை இன்னும் ஏற்றவில்லை என்று பொருள். அதற்கான வரியை நாம் கழித்துக்கொள்ள முடியாது. 2பி-யில் இருந்து நம் கணக்கில் இல்லாதது என்றால், பில்லே அலுவலகத்துக்கு வரவில்லை அல்லது யாரோ நம் ஜிஎஸ்டி எண்ணைத் தவறாகப் போட்டிருக்கிறார்கள். இரண்டு பட்டியலையும் மார்ச்சில் எடுத்தால் விற்றவரைத் தொலைபேசியில் பிடித்துச் சரி செய்யலாம். ஓர் ஆண்டின் பில்களுக்கு வரியைக் கழித்துக்கொள்ளும் கடைசி வாய்ப்பு அடுத்த நவம்பர் 30-ஓடு முடிந்துவிடும்.

காகிதத்துக்குப் பிறகு சாவிகள். வெளியாளான ஆடிட்டருக்குக் கணினிக்குள் எந்த அளவுக்கு வழிவிடுவது என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. பெரும்பாலும் நடப்பது இதுதான். அக்கவுண்டன்ட் டேலி பேக்கப் ஒன்றை எடுத்துப் பென்டிரைவில் கொடுத்துவிடுகிறார். ஆடிட்டர் அலுவலகத்தில் அதைத் திறந்து தேய்மானம், வட்டி, செலவுத் திருத்தம் என்று பதிவுகள் போடுகிறார்கள். இதற்கிடையே கம்பெனியில் அசல் கணக்கில் விட்டுப்போன மார்ச் பில்களை அக்கவுண்டன்ட் ஏற்றிக்கொண்டிருக்கிறார். ஜூலையில் இரண்டு கணக்கு இருக்கும், இரண்டும் முழுமையில்லை. அடுத்த ஆண்டுத் தொடக்க இருப்பு தணிக்கை செய்த இருப்புநிலைக் குறிப்போடு பொருந்தாதபோதுதான் விஷயம் வெளியே வரும்.

இதைத் தவிர்க்க முன்கூட்டியே ஒரு விதி பேசிக்கொள்ள வேண்டும்: பதிவுகள் ஏறுவது ஒரே இடத்தில், அது கம்பெனியின் அசல் கணக்கில். ஆடிட்டர் சொல்லும் திருத்தங்கள் பட்டியலாக வரும், அக்கவுண்டன்ட் அவற்றை ஏற்றுவார். ஆடிட்டர் பார்ப்பதற்கு டேலியில் தனிப் பயனர் பெயர் உருவாக்கி, பார்க்கவும் அறிக்கை எடுக்கவும் மட்டும் உரிமை கொடுக்கலாம். உரிமையாளரின் கடவுச்சொல்லையே கொடுத்துவிட்டால் எந்தப் பதிவை யார் மாற்றினார் என்று பிறகு சொல்ல வழியிருக்காது. பிரைவேட் லிமிடெட் கம்பெனிகளுக்கு இது விருப்பமாகச் செய்வதல்ல. 2023 ஏப்ரல் 1 முதல், பதிவில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிந்து வைக்கும், அணைக்க முடியாத வசதி உள்ள மென்பொருளில்தான் அவை கணக்கு வைக்க வேண்டும். அத்தகைய கம்பெனிகளில் கணக்கு எழுதித் தருபவரும் சட்டப்படியான தணிக்கையாளரும் ஒரே ஆளாக இருக்கவும் கம்பெனிச் சட்டம் அனுமதிப்பதில்லை.

வருமான வரித் தளத்தில் கடவுச்சொல் கொடுக்காமலே வேலை நடக்கும் ஏற்பாடு இருக்கிறது. உரிமையாளர் உள்ளே நுழைந்து `My Chartered Accountant` என்ற பக்கத்தில் ஆடிட்டரின் உறுப்பினர் எண்ணைச் சேர்த்து, எந்தப் படிவம், எந்த ஆண்டு என்று அவருக்கு ஒதுக்கினால் போதும். ஆடிட்டர் தன் கணக்கிலிருந்து தணிக்கை அறிக்கையை ஏற்றுவார். உரிமையாளர் அதைப் படித்து ஏற்றுக்கொண்ட பிறகுதான் அது தாக்கலானதாகக் கொள்ளப்படும். ஏற்றியாயிற்று என்று ஆடிட்டர் சொன்னதோடு விட்டுவிட்டு, ஏற்கும் பொத்தானை அழுத்தாமலே கெடுவைக் கோட்டை விடுபவர்கள் உண்டு.

இதைவிடப் பெரிய ஆபத்து தொலைபேசி எண்ணில் இருக்கிறது. வரித் தளங்களில் பதிவு செய்தபோது ஆடிட்டர் அலுவலகத்து எண்ணும் மின்னஞ்சலும் கொடுக்கப்பட்டிருந்தால், ஓடிபி முதல் நோட்டீஸ் வரை எல்லாம் அங்கேதான் போகும். அங்கே வேலை பார்த்த பையன் வேலையை விட்டுப் போயிருந்தால் நோட்டீஸ் வந்த செய்தி யாருக்கும் தெரியாது. மார்ச் சந்திப்பிலேயே மூன்று தளங்களையும் திறந்து பார்த்துவிட வேண்டும்: வருமான வரி, ஜிஎஸ்டி, டிடிஎஸ் கணக்குக்கான டிரேசஸ். முதன்மை எண் உரிமையாளருடையதாகவும் ஆடிட்டரின் எண் இரண்டாவதாகவும் இருக்கட்டும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருப்பவர்கள் அது எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்று பார்த்து, டோக்கனைத் தங்கள் மேசையிலேயே வைத்துக்கொள்வது நல்லது. ஆடிட்டர் அலுவலக அலமாரியில் அது கிடப்பது, கையெழுத்துப் போட்ட வெற்றுத்தாளை அங்கே விட்டுவைப்பதற்குச் சமம். வங்கிக்கு வந்தால், பார்வைக்கு மட்டும் உரிமையுள்ள பயனர் வசதியைப் பல வங்கிகள் தொழில் கணக்குகளுக்குத் தருகின்றன. அது இல்லாவிட்டால் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை எல்லாக் கணக்குகளின் ஸ்டேட்மென்ட்டையும் எக்செல் வடிவில் இறக்கிக் கொடுத்தால் போதும். தொழில் பணம் எப்போதாவது வந்துபோன சொந்தச் சேமிப்புக் கணக்கும் இதில் சேர்த்தி.

கடைசியாக, தேதிகள். சட்டம் வைத்த தேதிகள் ஆடிட்டருக்கு மனப்பாடம். மார்ச் மாத ஜிஎஸ்டிஆர்-3பி ஏப்ரல் 20, மார்ச் மாதம் பிடித்த டிடிஎஸ் கட்ட ஏப்ரல் 30, அந்தக் காலாண்டு டிடிஎஸ் அறிக்கை மே 31, தணிக்கை அறிக்கை செப்டம்பர் 30, வருமான வரிக் கணக்கு அக்டோபர் 31. தணிக்கை தேவைப்படாதவர்களுக்குக் கடைசித் தேதி இதைவிட முன்னதாக வரும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்தாலும், 2025-26 ஆண்டுக் கணக்குக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும். பிரிவு எண்கள் மாறுவதால், அடுத்த ஆண்டு ஆடிட்டர் வேறு எண்களைச் சொன்னால் குழம்ப வேண்டியதில்லை.

சட்டத்தில் இல்லாத தேதிகளைத்தான் இரு தரப்பும் எழுதிக்கொள்ள வேண்டும். மார்ச் 25-க்குள் உத்யம் சான்றிதழ்களோடு பாக்கிப் பட்டியலின் இறுதி வடிவம். மார்ச் 31 மாலை ஸ்டாக், ஏப்ரல் 5-க்குள் ஜாப் ஒர்க்காரர்களின் கையெழுத்து. ஏப்ரல் 15-க்குள் மார்ச் பில்கள் முழுவதும் டேலியில். அதன்பின் வரும் பழைய பில்லை ஆடிட்டரிடம் சொல்லாமல் ஏற்றுவதில்லை. மே 15-க்குள் பேலன்ஸ் ஒத்துப்பார்த்த கணக்கு ஆடிட்டர் கைக்கு, ஜூன் 15-க்குள் அவருடைய கேள்விப் பட்டியல், கேட்ட ஒரு வாரத்தில் பதில். இப்படி ஓடினால் ஜூலையில் வரைவு தயாராகிவிடும். செப்டம்பர் நெருக்கடியில், தளம் மெதுவாக ஓடும் கடைசி நாட்களில் நிற்க வேண்டியிருக்காது.

இவை எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கும். உரிமையாளர் அதைச் சந்திப்பு முடிந்த அன்றே வாட்ஸ்அப்பில் சொல்லாமல் மின்னஞ்சலில் அனுப்பி, ஆடிட்டரின் ஒப்புதலைப் பதிலாக வாங்கிக்கொள்வது நல்லது. அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு பெயர் இருக்க வேண்டும்: ஸ்டாக்குக்குக் கட்டிங் மாஸ்டர், பாக்கிப் பட்டியலுக்கு அக்கவுண்டன்ட், வங்கிக்கும் ஓடிபிக்கும் உரிமையாளர், திருத்தப் பட்டியலுக்கு ஆடிட்டர் அலுவலகத்தில் இன்னார். மே மாதம் அக்கவுண்டன்ட் ஊர்த் திருவிழாவுக்கு விடுப்பில் போனால் அவருக்குப் பதிலாகக் கேள்விகளுக்கு யார் பதில் சொல்வார் என்பதையும் அதே பக்கத்தில் எழுதிவிடலாம்.